உறைக்குள் 120 புள்ளி

கனடா அரசுக்கு ஒரு சந்தேகம் உண்டு. நீங்கள் உண்மையிலேயே படித்தவர்தானா என்ற சந்தேகம். நியாயமான சந்தேகம்தான், நமக்கே நம் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி அது அவ்வப்போது வருகிறது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ள அவர்கள் உங்களை ஒரு கேள்வி கேட்பதில்லை. நான்கு ஆண்டில் என்ன படித்தீர்கள், எந்த இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரியும் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பட்டத்தையும் நம்ப மாட்டார்கள், அது உங்கள் கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால். அவர்கள் நம்புவது ஓர் உறையை. வாயை ஒட்டி, ஒட்டிய மடிப்பின் மேல் முத்திரை குத்தி, அதன் மேல் ஒரு பச்சை மைக் கையெழுத்தும் விழுந்த உறை. அந்தக் கையெழுத்தைப் போடும் மனிதர் உங்களை வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் சொன்னால் சரி.

இந்தச் சடங்குக்குப் பெயர் கல்வித் தகுதி மதிப்பீடு. புலம்பெயரப் போகிறவர்கள் வாயில் 'இ.சி.ஏ.'. 2013 மே மாதத்திலிருந்து, திறன்மிகு தொழிலாளர் பிரிவில் கனடாவுக்கு விண்ணப்பிக்கும் எவரும், கனடாவுக்கு வெளியே படித்திருந்தால், இதை வாங்கியாக வேண்டும். 2015-ல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை வந்த பிறகு, இது இல்லாமல் அங்கே ஒரு வெளிநாட்டுப் பட்டத்துக்கு ஒற்றைப் புள்ளிகூடக் கிடையாது. மதிப்பிடுவதற்கென்று சில அமைப்புகளைக் கனடா அரசு நியமித்திருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஒன்று, ஆல்பர்ட்டா மாகாண அரசுடையது ஒன்று, மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று என்று பட்டியல் இருக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போய் நிற்பது டபிள்யூ.இ.எஸ். என்ற அமைப்பிடம். 1974-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட, லாப நோக்கற்றது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம். கட்டணம் 200 கனடிய டாலருக்கு மேல். லாப நோக்கமும் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ.

அது என்ன மதிப்பிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அழகு புரியும். உங்களுக்குப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்றதா, படிப்பு எத்தனை ஆண்டு, எந்த மட்டம், தாள் உண்மையானதா என்று பார்க்கும். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதும்: 'இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டு'. அவ்வளவுதான். வெப்பவியலில் நீங்கள் வாங்கிய 91-க்கும், உங்கள் அறைத்தோழன் நான்கு அரியருக்குப் பிறகு மூச்சுப்பிடித்து வாங்கிய 50-க்கும் அந்த வரியில் வித்தியாசமே இல்லை. சமத்துவத்தை நம்மில் எத்தனையோ பேர் எங்கெங்கோ தேடினோம். கிடைத்த இடம் இது.

அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று பார்ப்போம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஆள்களை வரிசைப்படுத்தப் புள்ளி போடுகிறார்கள். திருமணமாகாதவர் கணக்கில், பள்ளிப் படிப்புக்கு 30 புள்ளி, மூன்றாண்டோ அதற்கு மேலோ ஆன இளநிலைப் பட்டத்துக்கு 120, முதுநிலைக்கு 135. அவ்வப்போது ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு மேலே இருப்பவர்களை அழைக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே புள்ளியில் கோட்டின் மேல் நின்றால், யார் முந்திப் பதிந்தார் என்று மணி நிமிடம் வரைக்கும் பார்க்கிறார்கள். அங்கே ஒரு புள்ளிக்கு ஒரு வாழ்க்கை மாறும். இங்கே அந்த 120 புள்ளியும் மொத்தமாகப் பல்கலைக்கழகத்தின் கன்ட்ரோலர் ஆபீஸில், பசை தீர்ந்துபோனதால் ஒட்டப்படாமல் கிடக்கும் ஓர் உறைக்குள் இருக்கிறது.

சு. குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 29. தென்மாவட்டம் ஒன்றில் பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆறாண்டு வேலை. ஆங்கிலத் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார். அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு என்பதும் அவருக்குத் தெரியும். ஆங்கிலம் இரண்டாண்டில் மறந்துவிடும் என்பது மொழியறிஞர்கள் முடிவோ என்னவோ. கணினி முன் உட்கார்ந்து டபிள்யூ.இ.எஸ். கணக்கைத் தொடங்கினார், பணம் கட்டினார், ஒரு குறிப்பு எண் கிடைத்தது. பட்டச் சான்றிதழைத் தானே ஸ்கேன் செய்து ஏற்றலாம். மார்க் ஷீட் மட்டும் பல்கலைக்கழகமே அனுப்ப வேண்டும்.

முதல் இடி பட்டச் சான்றிதழிலேயே விழுந்தது. குமாரிடம் இருந்தது புரொவிஷனல். இத்தனை ஆண்டும் அதை வைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தார், வங்கிக் கடன் வாங்கினார், பெண் பார்க்கப் போன இடத்திலும் அதைத்தான் காட்டினார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை, போயிருந்தாலும் மேடையில் சிறப்பு விருந்தினர் பேசி முடித்தபின் கல்லூரியில்தான் கொடுத்திருப்பார்கள். டபிள்யூ.இ.எஸ்.காரர்களோ தற்காலிகத்துக்கு மதிப்பில்லை, நிரந்தரம் வேண்டும் என்கிறார்கள். நம் ஊரில் எதுதான் நிரந்தரம் என்று அவர்களிடம் விளக்க முடியாது. கல்லூரிக்குப் போய், பீரோவில் ஏழாண்டாகச் சுருண்டு கிடந்த தன் பட்டத்தை வாங்கிக்கொண்டார். தாமதக் கட்டணம் உண்டு. பட்டத்துக்கு வாடகை வாங்கிய கல்லூரி அது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது மார்க் ஷீட். எட்டு செமஸ்டருக்கு எட்டு. நடுவே மூன்று அரியர், அதற்குத் தனித் தாள்கள். எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்திடம் கொடுத்து, அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு, முத்திரையிட்டு, டபிள்யூ.இ.எஸ். படிவம் ஒன்றையும் நிரப்பி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தோடு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். இதற்கு ஒரு கட்டணம், கூரியருக்கு ஒரு கட்டணம், விண்ணப்பத்தின் விண்ணப்பத்துக்கு ஒரு கட்டணம். இப்போது இணையத்தில் கட்டலாம். கட்டிய ரசீதை அச்செடுத்து நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மின்னாளுமை என்றால் நம் அகராதியில் இதுதான்: பணம் மின்னல் வேகத்தில் போகும், தாள் நடந்து வரும்.

குமார் கவுன்ட்டரில் நின்றார்.

"சார், டிரான்ஸ்கிரிப்ட் அப்ளை பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு."

"எந்த வருஷ பேட்ச் தம்பி?"

வருடம் சொன்னார்.

"அப்ப இருந்தது வேற சிஸ்டம்பா. பழைய ரெக்கார்டு. மேனுவலா எடுக்கணும். செக்‌ஷன்ல ஆள் ரெண்டே பேர்."

"எப்ப சார் ஆகும்?"

"சொல்றோம். கால் பண்ணாதீங்க, எடுக்க முடியாது."

அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். கோபம், பட்டம் அச்சடிக்க அச்சகம் வைத்துக்கொண்டு, அந்தப் பட்டம் நான் அச்சடித்ததுதான் என்று சொல்ல ஆள் வைக்காத நிர்வாகத்தின் மேல். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி கல்லூரியாக இணைப்பு கொடுக்கத் தெரிகிறது, இணைப்புக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் நாள் தவறாமல் வாங்கத் தெரிகிறது. ஏழாண்டு கழித்து அந்த மாணவன் திரும்பி வந்து 'நான் உங்கள் பிள்ளைதான் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்' என்றால் மட்டும், பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று நினைவு மங்கிவிடுகிறது.

சில சமயம் மங்குவது நினைவு மட்டுமல்ல, பல்கலைக்கழகமே. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் என்று வட்டாரப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. 2001-ல் எல்லாவற்றையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே கொண்டுவந்தார்கள். 2007-ல் ஓர் ஆட்சி அதைப் பிரித்து திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று தனித்தனி அண்ணா பல்கலைக்கழகங்களை உண்டாக்கியது, பின்னர் மதுரையும் சேர்ந்தது. அடுத்து வந்த ஆட்சி எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கியது. இரண்டு முடிவுக்கும் சட்டமன்றத்தில் மேசை தட்டினார்கள். இடையில் சேர்ந்து படித்த பிள்ளைகளின் தாள்களில் இருக்கும் பெயர், இன்று வாசலில் பலகையே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர். கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளரிடம் அந்த மாணவன் சொல்ல வேண்டியது தன் படிப்பைப் பற்றி அல்ல, தமிழ்நாட்டின் தேர்தல் வரலாற்றை. சேர்ந்தபோது ஒரு பல்கலைக்கழகம், முடித்தபோது இன்னொன்று, சான்று கேட்கப் போகும்போது வேறொன்று. மாறாமல் இருந்தது தேர்வுக் கட்டணம்.

அப்புறம் பெயர். இது தமிழனுக்கென்றே தனியாகச் செய்துவைத்த பொறி. மேற்கத்தியப் படிவம் எதுவும் இரண்டு பெட்டி வைத்திருக்கும், ஒன்று உன் பெயருக்கு, இன்னொன்று குடும்பப் பெயருக்கு. சாதியைப் பெயரிலிருந்து கழற்றியது நாம் பெருமைப்படும் செயல். கழற்றிய இடத்தில் அந்தப் பெட்டி வெறுமையாக நின்று நம்மை முறைக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றில் 'குமார் சு', பட்டத்தில் 'சு. குமார்', பாஸ்போர்ட்டில் பெயர்ப் பெட்டியில் 'குமார் சுப்பையா' என்று மொத்தமாக, குடும்பப் பெயர்ப் பெட்டி காலி. குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்குக் கனடாவின் வழக்கம், இருக்கிற பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டுவிட்டு முதற்பெயரைக் காலியாக விடுவது. ஆக நம் ஆள் அங்கே பெயரே வைக்கப்படாத குழந்தை. இவர்கள் எல்லாம் ஒரே குமார்தான் என்று நோட்டரியிடம் போய் முத்திரைத் தாளில் உறுதிமொழி எழுதி வாங்கினார். நோட்டரி குமாரை அதற்கு முன் பார்த்ததில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அவர் சொன்னாலும் சரி.

இந்த இடத்தில் நியாயவான் ஒருவர் கையைத் தூக்குவார். போலிப் பட்டம் இல்லையா ஐயா, எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா என்பார். இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பட்டியல் குறைந்தபாடில்லை. 2020-ல் இமாசலப் பிரதேசத்தின் ஒரு தனியார் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் பட்டங்களைக் காசுக்கு விற்றதாக வழக்கு வந்து நாடே பார்த்தது. அது பெட்டிக்கடைக்குப் பின்னால் இருந்த அச்சகம் அல்ல, சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகம். கொஞ்சம் யோசியுங்கள். பட்டத்தை விற்கும் பல்கலைக்கழகத்துக்கு உறையை ஒட்டத் தெரியாதா? முத்திரை அவர்களிடம்தானே இருக்கிறது? விற்றவனிடமே போய் 'இது நீ விற்ற சரக்குதானா' என்று கேட்டு, அவன் 'ஆமாம்' என்று உறையில் எழுதிக் கொடுத்தால் சரக்கு சுத்தமாகிவிடுகிறது. காசு கொடுத்துப் பட்டம் வாங்கியவனுக்கு உறை மறுநாளே வந்துவிடும். வாடிக்கையாளர் திருப்தி முக்கியம். நான்கு வருடம் விடுதிச் சாம்பாரைக் குடித்துப் படித்தவன்தான் செக்‌ஷனில் ஆள் வரும் வரை நிற்க வேண்டும். ஆக இந்த உறை போலியைத் தடுக்கிறதோ இல்லையோ, உண்மையை நன்றாகத் தடுக்கிறது.

இன்னொரு வேடிக்கை. சில பல்கலைக்கழகங்கள் ஒட்டிய உறையை நேரே அனுப்பாமல் விண்ணப்பித்தவர் கையிலேயே கொடுத்து 'நீங்களே கூரியர் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுகின்றன. யாரை நம்பக்கூடாது என்பதற்காக இத்தனை ஏற்பாடும் நடந்ததோ, அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். அவரும் கைக்குழந்தையைப் போல அதைத் தூக்கிக்கொண்டு, பேருந்தில் மடங்காமல், மழையில் நனையாமல், மடிப்பில் கீறல் விழாமல் கொண்டுபோகிறார். பிரித்துப் பார்க்கும் ஆசையே அவருக்கு வரக்கூடாது. உள்ளே இருப்பது அவருடைய மதிப்பெண்ணாகவே இருந்தாலும்.

இதே நாட்டில் 2015 முதல் டிஜிலாக்கர் இருக்கிறது. தேசியக் கல்விக் களஞ்சியம் என்று ஒன்று தொடங்கி, பல்கலைக்கழகங்கள் எல்லாம் பட்டங்களை அதில் ஏற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை போனது. ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பேசியில் காட்டினால் போக்குவரத்துக் காவலர் ஏற்றுக்கொள்கிறார். சில பல்கலைக்கழகங்கள் டிரான்ஸ்கிரிப்டை மின்வழியில் நேரடியாகவே அனுப்பவும் செய்கின்றன, மதிப்பீட்டு நிறுவனங்களும் அதை ஏற்கின்றன. எனவே முடியாது என்பது பொய். முடியும் என்று காட்டிய இடங்கள் இருக்கும்போது மற்றவர்கள் இன்னும் பசை டப்பாவைத் தேடுகிறார்கள் என்றால், உறை ஒன்றுக்கு வரும் வருமானம் இனிக்கிறது என்று பொருள். அல்லது அதைவிட மோசமான பதில்: யாருக்கும் அக்கறை இல்லை என்று பொருள்.

இந்தக் காத்திருப்பின் விலையைக் கனடா அரசே அச்சடித்த அட்டவணையாக வைத்திருக்கிறது. வயதுக்கான புள்ளி. 20 முதல் 29 வரை 110. முப்பது முடிந்தால் 105. முப்பத்தொன்றில் 99. குமார் விண்ணப்பித்தபோது அவருக்கு 29. செக்‌ஷனில் ஆள் வந்து, பழைய ரெக்கார்டு கிடைத்து, அலுவலர் விடுப்பு முடிந்து திரும்பி, உறை ஒட்டப்பட்டபோது பிறந்தநாள் வந்துவிட்டது. ஐந்து புள்ளி போயிற்று. அந்த ஐந்தைத் திரும்பப் பிடிக்க ஆங்கிலத் தேர்வை இன்னொரு முறை எழுதினார், இன்னொரு முறை பணம் கட்டினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் யாராவது ஒருவருக்கு, தங்கள் மேசையில் ஒரு கோப்பு தூங்கியதால் ஓர் இளைஞனின் வாழ்க்கையில் ஐந்து புள்ளி குறைந்தது என்று தெரியுமா? தெரிந்தால் ஒரு மாலையும் சால்வையும் எடுத்துக்கொண்டு போய் அவர்களைப் பாராட்ட வேண்டும். எந்தப் புயலும் செய்யாத சேதத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் கன்சல்டன்சிக்காரர்கள். ஊருக்கு ஊர், மாடிப்படி ஏறியதும் கனடாக் கொடி. குமாரிடம் ஒருவர் 'அபோஸ்டில் முதலில் பண்ணிடணும் சார்' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டார். சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரை பல நாடுகளுக்கு வேண்டியிருக்கலாம், டபிள்யூ.இ.எஸ். மதிப்பீட்டுக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத முத்திரையை விற்பதற்கு ஒரு தெருவே இருக்கிறது, தேவையான முத்திரையைக் குத்துவதற்கு ஒரு மனிதர் இல்லை. கனடா குடிவரவு ஆலோசனைக்குப் பணம் வாங்கக் கனடாவின் உரிமம் பெற்றவர்களுக்குத்தான் அனுமதி. மாடியில் அந்த உரிம எண்ணைக் கேட்டால் காபி வரும்.

ஒருவழியாக உறை போய்ச் சேர்ந்தது. சில வாரத்தில் அறிக்கையும் வந்தது. 'இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டு.' எட்டு மாத அலைச்சலுக்குப் பிறகு, தான் பி.இ. படித்தவர் என்பது குமாருக்கே உறுதியாயிற்று. அம்மாவிடம் சொன்னார். 'அதான் நமக்கு முன்னாடியே தெரியுமேப்பா' என்றார் அம்மா. கனடா அரசின் நியமனப் பட்டியலில் அம்மா இல்லாததால் அந்த மதிப்பீடு செல்லாது.

அறிக்கையின் கீழே இன்னொரு செய்தி காத்திருக்கிறது. இந்த மதிப்பீடு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். பட்டம் ஆயுளுக்கும் உங்களுடையது, ஆனால் அது கனடிய இளநிலைக்குச் சமமாக இருப்பது அறுபது மாதம். அதற்குள் அழைப்பு வந்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்காவிட்டால், அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். கட்டணத்தோடுதான். இடைப்பட்ட காலத்தில் பழைய மெக்கானிக்கல் படிப்பு கெட்டுப்போய்விட்டதா, நான்கு ஆண்டு மூன்றரையாகச் சுருங்கியதா என்று மறுபடி பார்ப்பார்கள் போலும். நியூட்டன் விதிகள் ஆறாம் ஆண்டில் மாறிவிடும் என்று யாராவது கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள், நானும் கட்டணம் கட்டுகிறேன்.

சரி, இத்தனைக்கும் பிறகு குமார் அங்கே போய்ப் பொறியாளர் ஆகிவிடலாமா? முடியாது. இந்த அறிக்கை குடிவரவுக்கு மட்டும். ஒன்டாரியோவில் 'புரொஃபெஷனல் இன்ஜினியர்' என்று பெயருக்குப் பின் போட்டுக்கொள்ள, அந்த மாகாணத்தின் பொறியாளர் உரிம அமைப்பு மறுபடி தன் வழியில் உங்கள் படிப்பை மதிப்பிடும். அங்கே தேர்வு எழுதச் சொல்வார்கள். கனடாவில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையும் நெடுங்காலம் இருந்தது. உரிமம் இல்லாமல் அந்த அனுபவம் எளிதில் கிடைக்காது, அனுபவம் இல்லாமல் உரிமம் கிடைக்காது. 2023-ல்தான் அதை நீக்கினார்கள். அதற்கு முன் அங்கே போன பொறியாளர்கள் எத்தனையோ பேர் டாக்சி ஓட்டினார்கள், கிடங்கில் பெட்டி தூக்கினார்கள். மேல்படிப்புக்குப் போகலாம் என்றாலும் பல இடங்களில் இந்த ஒருவரி அறிக்கை போதாது, பாடவாரி மதிப்பீடு என்று வேறொன்று கேட்பார்கள். அதற்குக் கட்டணம் கூடுதல்.

ஆக, கனடா செய்வது இதுதான். 'உன் பட்டம் எங்கள் பட்டத்துக்குச் சமம்' என்று எழுதி வாங்கி, அந்தச் சமத்துக்கு 120 புள்ளி கொடுத்து, அந்தப் புள்ளிக்காகவே உன்னை அழைத்து, இறங்கியதும் 'சமம்தான், ஆனால் அந்த வேலைக்கு அல்ல' என்று சொல்கிறது. திறமைசாலி வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பது ஒரு அலுவலகம். அவன் திறமையை ஏற்க மறுப்பது இன்னொரு அலுவலகம். இரண்டுக்கும் வரி கட்டப்போவது அவனே. இங்கே நம்முடைய பல்கலைக்கழகங்கள் அவனை அனுப்பத் தாமதிக்கின்றன, அங்கே அவர்கள் ஏற்கத் தாமதிக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கு இடையே இவ்வளவு துல்லியமான ஒத்துழைப்பு வேறெந்தத் துறையிலும் நான் பார்த்ததில்லை.

நம்முடைய பல்கலைக்கழகங்கள் இனி ஒன்று செய்யலாம். டிரான்ஸ்கிரிப்ட் கேட்டால் இத்தனை நாளில் தருவோம் என்று நாள் குறித்து வாசலில் பலகை வைக்கலாம், தவறினால் கட்டணத்தைத் திருப்பித் தரலாம். தேர்வுக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது. அதுவும் முடியாதென்றால், வீண் வேடம் எதற்கு, 'உறையியல்' என்று ஒரு துறையே தொடங்கிவிடட்டும். நான்கு ஆண்டுப் படிப்பு. முதலாண்டு பசை, இரண்டாமாண்டு மடிப்பு, மூன்றாமாண்டு முத்திரை, நான்காமாண்டு முழுக்க விடுப்பு. அதில் பட்டம் வாங்குபவர்களையே செக்‌ஷனில் போட்டுவிடலாம்.

இப்போது விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. பட்டச் சான்றிதழை இன்றே போய் வாங்கி வையுங்கள், புரொவிஷனலை நம்பி உட்காராதீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் எங்கே பிரிகின்றன என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆங்கிலத் தேர்வு எழுதும் முன் டிரான்ஸ்கிரிப்டுக்குப் பணம் கட்டுங்கள். இரண்டாண்டு ஆயுள் கொண்டதைக் கடைசியில் வாங்குவதே புத்தி. பணம் கட்டி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் கவுன்ட்டருக்குப் போகாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள்: என் விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது, அந்த மேசைக்குப் பொறுப்பானவர் யார், பதவி என்ன. முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு மனு போனால் காணாமல் போன ரெக்கார்டுகள் தானாக நடந்து வருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். உறை கேட்கும்போது ஒன்று மட்டும் கேட்காதீர்கள். மூன்றாகக் கேளுங்கள். உரிம அமைப்பு ஒன்று கேட்கும், ஐந்தாண்டு கழித்து யாராவது இன்னொன்று கேட்பார்கள்.